மூன்று நிமிடத்தில் முனைவர் பட்ட ஆய்வு: ஸ்கிரிப்ட் எழுதுவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, நிலவியல் ஆய்வு மாணவி): டீச்சர், முனைவர் பட்ட ஆய்வை மூன்று நிமிடத்தில் மேடையில் சொல்லும் போட்டிக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். என் ஆய்வு பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு பற்றியது. ஆறு அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்று பிரித்து எழுதினேன், படித்தால் ஏழு நிமிடம் வருகிறது. எதை வெட்டுவது?

பதில்: வெட்ட உட்கார்ந்ததுதான் சிக்கல். ஆறு அத்தியாயத்தையும் சமமாகச் சுருக்கினால், கேட்பவருக்கு ஆறு துண்டு கிடைக்கும், ஒரு பேச்சு கிடைக்காது. ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: இந்த ஆய்வேட்டில் ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?

அதே மாணவி: கிணற்றின் ஆழத்தையும் ஃபுளோரைடு அளவையும் சேர்த்துப் போட்ட வரைபடம். திறந்த கிணறுகளில் குறைவு, ஆழமான போர்வெல்களில் அதிகம்.

பதில்: அப்படியானால் உங்கள் பேச்சு அந்தப் படம்தான். அதைப் புரிந்துகொள்ளத் தேவையானது உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. பருவ மாறுபாட்டு அத்தியாயம் வெளியே. முன்னாய்வுகள் வெளியே. மாதிரி எடுத்த முறைக்கு ஒரே வாக்கியம். பருவ மாறுபாட்டுக்காக இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் அலைந்திருப்பீர்கள், விட மனசு வராது. ஆனால் நடுவர் உங்கள் உழைப்பை அளக்க வரவில்லை. விளங்கியதா, கேட்கத் தோன்றியதா என்பதுதான் அவருடைய மதிப்பெண் தாளில் இருக்கும்.

நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். பிரச்சினைக்கு 40 விநாடி, உங்கள் கேள்விக்கு 15, செய்த வேலைக்கு 35, கண்டதற்கு 45, அதனால் என்ன என்பதற்கு 30. கூட்டினால் 165. மீதி 15 விநாடி மூச்சுக்கும் கைதட்டலுக்கும். உங்கள் விஷயத்தில் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"ஒரு வீட்டு வாசலில் பழைய கிணறு. சித்திரையில் வற்றிவிடும். கொல்லையில் புதிய போர்வெல், எப்போதும் தண்ணீர் உண்டு. குடிக்க எதை எடுப்பீர்கள்? எங்கள் ஊரில் போர்வெல்லைத்தான் எடுக்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகள் சிலரின் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் வருகிற கறை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தண்ணீரில் ஒன்றில் மட்டும் ஏன் அது அதிகம்?"

இதில் எண் ஒன்றே ஒன்று. மொத்தப் பேச்சிலும் எண் அந்த ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டாவது எண் வந்ததும் கேட்பவர் முதல் எண்ணை விட்டுவிடுகிறார். "எத்தனை மாதிரி எடுத்தீர்கள்" என்பதைக்கூட "இந்தப் பகுதி முழுக்கக் கிணறு கிணறாக" என்று சொன்னால் போதும்.

கேள்வி (அதே மாணவி): காரணத்தை எப்படிச் சொல்வது? பாறையில் ஃபுளோரைடு இருக்கும் கனிமங்களான பயோடைட், ஹார்ன்பிளெண்ட், பிறகு கால்சியம் குறைவது, பைகார்பனேட் கூடுவது என்று போனால் அங்கேயே ஒரு நிமிடம் போய்விடுகிறது.

பதில்: ஒரு உவமை எடுங்கள், ஆனால் அது உங்கள் ஆய்வின் இயக்கத்தைச் சுமக்க வேண்டும். "தேயிலை எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு கடுப்பாகும். ஆழத்தில் இருக்கும் தண்ணீர் பாறை விரிசலில் நெடுங்காலம் ஊறியது. மேல்கிணற்றுத் தண்ணீர் போன மழையில் இறங்கியது." ஊறும் காலம், ஆழம், அளவு மூன்றும் இதில் வந்துவிடுகிறது.

இதன் ஓட்டை எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தேயிலை உவமையில் கால்சியத்துக்கு இடமில்லை. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கீழே படிய வைத்துவிடும், அது குறைந்த இடத்தில்தான் ஃபுளோரைடு நீரிலேயே நிற்கிறது. இதைப் பேச்சில் விடலாம். ஆனால் "ஆழம்தான் காரணம்" என்று முடித்துவிடக் கூடாது. "ஆழம் கூடக் கூட ஃபுளோரைடு கூடுவதைக் கண்டேன். நீண்ட நாள் ஊறியதே இதற்குக் காரணம் என்று நீரின் வேதியியல் காட்டுகிறது" என்றால் நீளம் கொஞ்சம்தான் கூடுகிறது, பொய்யும் இல்லை. நடுவர்களில் ஒருவர் நிலவியல்காரராக இருந்தால் இந்த இடத்தில்தான் காதைக் கூர்மையாக்குவார்.

குறுக்கே ஒருவர் (பாலக்காடு, கல்லூரி ஆசிரியர்): இவ்வளவு பாடு எதற்கு? ஆய்வுச் சுருக்கம் ஏற்கெனவே முந்நூறு சொல்லில் இருக்கிறதே. அதை மனப்பாடம் செய்து சொன்னால் சரியாக மூன்று நிமிடம்.

பதில்: மாஷ், அளவு சரிதான். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு முந்நூற்றைம்பதிலிருந்து நானூறு சொல் போகும், முந்நூறு என்றால் மூச்சுவிட இடமே கிடைக்கிறது. தவறுவது வரிசை. சுருக்கத்தை வாசிப்பவர் குழம்பினால் முதல் வரிக்குத் திரும்பலாம். பேச்சைக் கேட்பவர் திரும்ப முடியாது. இந்த மாணவியின் சுருக்கம் இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்: "கடினப்பாறை நீர்த்தாங்கிகளில் ஃபுளோரைடின் இடஞ்சார்ந்த பரவலையும் அதன் புவிவேதியியல் மூலத்தையும் கண்டறியும் நோக்குடன் திறந்த, ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட நீர்மாதிரிகள் பகுப்பாய்வு செய்யப்பட்டன." வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதுவரைக்கும் கேட்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். பேச்சில் இது மூன்று வாக்கியம்: "திறந்த கிணறுகளில் தண்ணீர் எடுத்தேன். போர்வெல்களில் எடுத்தேன். இரண்டையும் ஒப்பிட்டேன்." சொல்லும் குறைகிறது. தமிழில் வினையைச் சீக்கிரம் கொண்டுவந்தால் பாதிச் சுருக்கம் தானாக நடந்துவிடும்.

கேள்வி (மூணாறு, தமிழ் ஆய்வாளர்): என் ஆய்வு தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் பெண்கள் பாடும் ஒப்பாரி பற்றியது. அறிவியல்காரர்களுக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறது, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு ஒப்பாரியைப் பாடித் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பாட முடியாது. இந்தப் போட்டியை 2008-இல் தொடங்கிய குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் விதியிலேயே பேச்சு மட்டும்தான், கவிதை, பாட்டு, ராப் கிடையாது என்று இருக்கிறது. ஒலிப்பதிவும் கூடாது, பொருள் எதையும் மேடைக்குக் கொண்டுவரவும் கூடாது. ஒரு வரியைப் பாடாமல் பேச்சாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. சிலர் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு இல்லை என்பது சரியில்லை. உங்கள் ஆய்வில் ஏதோ ஒன்றை முன்பு ஒருவிதமாக எண்ணியிருந்தார்கள், நீங்கள் வேறுவிதமாகக் காட்டுகிறீர்கள். அது என்ன?

மூணாறு ஆய்வாளர்: ஒப்பாரி இறந்தவருக்காக என்றே எல்லோரும் படிக்கிறார்கள். நான் பதிவு செய்தவற்றில் கங்காணி மேல் புகார், கூலிக் கணக்கு, ஊர் திரும்ப முடியாத ஏக்கம் எல்லாம் வருகிறது. சாவு வீட்டில் மட்டும்தான் அதையெல்லாம் உரக்கச் சொல்ல முடிந்திருக்கிறது.

பதில்: கடைசியாகச் சொன்ன வாக்கியம்தான் உங்கள் முடிவு. அதைப் பேச்சின் நடுவில், ஒன்றே முக்கால் நிமிடத்தில் வையுங்கள். அதற்கு முன் சாவு வீட்டின் ஒரு காட்சி, பிறகு ஒரு ஒப்பாரியில் வரும் ஒரு புகார், விளக்கமாக. மூன்று ஒப்பாரிக்கு மூன்று உதாரணம் வேண்டாம். கோட்பாட்டாளர் பெயர்களையும் விடுங்கள், அவர்களுக்கு ஆய்வேட்டில் இடம் இருக்கிறது.

கேள்வி (வேலந்தாவளம்): எனக்கு அடுத்த மாதம் ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு முந்திய கருத்தரங்கு. இருபத்தைந்து ஸ்லைடை இந்த முறையில் மூன்று நிமிடமாக்கலாமா?

பதில்: வேண்டாம், அது வேறு. அங்கே குழு உங்கள் முறையையும் வரம்பையும் குடைவதற்கே உட்காருகிறது. நான் வெளியே எறியச் சொன்னதெல்லாம் அங்கே உள்ளே வேண்டும்.

கேள்வி (குப்பம், ஆந்திரம்): மூன்று நிமிடம் நான்கு விநாடி ஆனால் விடுவார்களா? ஸ்லைடில் ஒவ்வொன்றாக வருகிற மாதிரி வைக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம் என்பதே விதி. ஸ்லைடு ஒன்றே, அசையாதது. பேச்சு தொடங்கும் முன்பே திரையில் இருக்கும், கடைசி வரை நிற்கும். கடிகாரம் நீங்கள் வாய் திறந்தாலோ, பேச்சின் பகுதியாக அசைந்தாலோ ஓடத் தொடங்கும். "எல்லோருக்கும் வணக்கம், என் பெயர்..." என்று தொடங்குபவர்கள் பத்து விநாடியை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். பெயரை அறிவிப்பாளரே சொல்லியிருப்பார்.

வீட்டில் 2 நிமிடம் 45 விநாடியில் முடியும்படி எழுதுங்கள். தமிழில் பேசுவதானால் ஆங்கிலச் சொல் கணக்கை நம்பாதீர்கள். நம் சொற்கள் நீளம், அதே நேரத்தில் குறைவாகவே போகும். உங்கள் ஸ்கிரிப்டின் ஒரு பத்தியை ஒரு நிமிடம் உரக்கப் படித்து எத்தனை சொல் என்று எண்ணி, அதை இரண்டே முக்காலால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் அளவு. மனசுக்குள் படித்து எண்ணினால் எப்போதும் அதிகமாக வரும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை மாணவி மறுபடி): எழுதிவிட்டேன், 3 நிமிடம் 10 விநாடி. வேகமாகச் சொன்னால் 2:50. ஸ்லைடில் அந்த வரைபடத்தையே போட்டிருக்கிறேன்.

பதில்: வேகமாகச் சொல்லி ஈடுகட்டாதீர்கள். மேடையில் நாக்கு தடுக்கினால் அந்த இருபது விநாடியும் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் மறைத்துப் பாருங்கள். அது இல்லாமல் அடுத்த வாக்கியம் புரிந்தால் அதை எடுத்துவிடலாம். பெரும்பாலும் கருவியின் பெயர் இருக்கும் வாக்கியம்தான் போகும். ஃபுளோரைடு எலக்ட்ரோடால் அளந்தீர்கள் என்பது யாருக்கும் வேண்டாம். "தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்தேன்" போதும். இடைநிறுத்தத்தை மட்டும் வெட்டாதீர்கள். கேள்வி கேட்டபின் இரண்டு விநாடி விடாவிட்டால் அது கேள்வியாகவே காதில் விழாது.

வரைபடத்தை அப்படியே போட்டால் அச்சுகளைப் படிக்கிற பத்து விநாடி உங்களை யாரும் கேட்கமாட்டார்கள். தரையை வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம்: இடது பக்கம் ஆழமில்லாத கிணறு, வலது பக்கம் பாறைக்குள் இறங்கும் குழாய், கீழே போகப் போகத் தண்ணீரின் நிறம் கடுக்கிறது. எழுத்து இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி (பாலக்காட்டு ஆசிரியர்): சரி டீச்சர், எழுதியதை வரி வரியாக மனப்பாடம் செய்வதா, கருத்தை மட்டும் நினைவில் வைத்துப் பேசுவதா? என் மாணவர்கள் மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

பதில்: நான் முதல் மூன்று வாக்கியத்தையும் கடைசி இரண்டையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யச் சொல்வேன், நடுப்பகுதிக்கு ஐந்து திருப்பங்களின் வரிசை மட்டும்.

பாலக்காட்டு ஆசிரியர்: நடுவில் சொந்தமாகப் பேசினால் நேரம் கூடிப்போகுமே. பத்து முறை ஒத்திகை பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நேரம் வரும்.

பதில்: வரும். அதற்காகத்தான் அந்தப் பதினைந்து விநாடி இடைவெளி. அதற்கு மேல் விலகுகிறவர்கள் முழுவதையும் மனப்பாடம் செய்வதே நல்லது, மாஷ். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் நமக்குள் ஒத்துப்போகாது.