ஃப்ரிட்ஜில் வைத்த சோறு: கலோரிக் கணக்கு

கேள்வி: சாதத்தை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் கலோரி பாதியாகக் குறையுமாமே? தேங்காய் எண்ணெய் விட்டு வடிக்கணும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பாதியெல்லாம் குறையாது. ஒரு தட்டுச் சோற்றில் குறைவது ஏறக்குறைய 6 கலோரி. எண்ணெயும் விட்டால் கணக்கு கூடத்தான் செய்யும்.

இந்தப் பேச்சு பரவியது 2015-இல். கொழும்பிலுள்ள ஒரு வேதியியல் கல்லூரி மாணவரும் அவருடைய பேராசிரியரும் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், அதில் அரை கப் அரிசி, நாற்பது நிமிடம் வேகவைத்து 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பது என்பதுதான் செய்முறை. நல்ல ரகமாக இருந்தால் கலோரி 50, 60 சதவீதம் வரை குறையக்கூடும் என்றார்கள். அது ஆய்வகத்தில் செய்த அளவீட்டை வைத்துச் சொன்ன மதிப்பீடு. மனிதர்களிடம் சோதிப்பது அடுத்த கட்டம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். செய்தியாக வந்தபோது அந்த 'கூடும்' காணாமல் போய்விட்டது.

ஆனால் பாதி குறைவதற்குக் கணக்கிலேயே இடமில்லை. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கலோரி, மாவுச்சத்து சுமார் 28 கிராம். சாதாரண மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தரும். சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்தும் (ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்பது இதைத்தான்) சும்மா வெளியேறிவிடுவதில்லை. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்க, அவற்றை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அதற்கும் கிராமுக்கு ஏறக்குறைய 2 கலோரி உண்டு. ஆக, 28 கிராமும் மொத்தமாக அப்படி மாறினாலும் குறைவது 56 கலோரிதான். 130-இல் பாதியைக்கூடத் தொடவில்லை.

நிஜத்தில் மாறுவது எவ்வளவு? இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆய்வில், அப்போது வடித்த வெள்ளைச் சோற்றில் செரிக்காத மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியதில் 1.30 கிராம். 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். கூடியது ஒரு கிராம், அதனால் குறைவது 2 கலோரி. 300 கிராம் சோறு போட்டுக்கொண்டால் 390 கலோரியில் 6 குறைகிறது. அதாவது ஐந்து கிராம் சோறு, பாதி வாய்க்குக்கூட வராது. எண்ணெயோ தேக்கரண்டிக்கு 40 கலோரி. அரை கப் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட அந்த 300 கிராம் சோறுதான் வரும் என்பதால், 6 மிச்சம் பிடிக்க 40 செலவு.

அப்படியானால் மாற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறிடத்தில். அதே ஆய்வில் 15 ஆரோக்கியமானவர்கள் இரண்டு விதமாகவும் சாப்பிட்டுப் பார்த்தபோது, ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கிய சோற்றுக்கு ரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 18 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை குறைவாக ஏறுவதைக் கலோரி குறைந்ததாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: வழக்கமான அளவு ஊசியுடன் இந்தச் சோற்றைச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம். மருத்துவரிடம் கேட்காமல் சோற்றையோ ஊசி அளவையோ மாற்ற வேண்டாம்.

சூடாக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா என்று அடுத்து கேட்பார்கள். சோறு ஆறும்போது மாவுச்சத்தின் இரு வகைகளான அமைலோஸ், அமைலோபெக்டின் இரண்டுமே இறுகி, செரிக்கக் கடினமாகின்றன. அமைலோபெக்டின் இறுக்கம் 60 டிகிரி வாக்கிலேயே அவிழ்ந்துவிடும். விறைத்த சோறு சூடானதும் மிருதுவாவது இதனால். அமைலோஸ் இறுக்கம் அவிழ 100 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டில் ஆவி வரச் சூடாக்குவதில் அது பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் அமைலோஸ் அதிகமுள்ள, உதிரியாக வேகும் அரிசியில் பலன் கொஞ்சம் கூடுதல். குழையும் அரிசியில் குறைவு. குக்கரை 'வார்ம்' நிலையிலேயே விட்டு வைத்தால் சோறு ஆறுவதே இல்லை, பலனும் இல்லை.

செய்வதென்றால் ஆறவைப்பதில்தான் கவனம் வேண்டும். பானையோடு மேடையில் ராத்திரி முழுக்க விடுவதுதான் வழக்கமான தப்பு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போது சாவதில்லை; வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. வாடை வராமலேயே கெட்டிருக்கலாம், ஆகவே முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. வடித்ததும் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே, சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நடுப்பகுதியிலும் ஆவி வரும்வரை ஒரே ஒரு முறை சூடாக்குங்கள்.

எடைதான் குறைய வேண்டும் என்றால் இவ்வளவு வேலை தேவையில்லை. 300 கிராமுக்குப் பதில் 250 கிராம் சோறு போட்டு, அந்த இடத்தில் ஒரு கரண்டி கீரையோ பொரியலோ வையுங்கள். சோற்றில் மட்டும் 65 கலோரி குறையும். காய்க்கும் அதிலுள்ள எண்ணெய்க்கும் கழித்த பிறகும், எண்ணெயை அளவாக விட்டிருந்தால், அந்த 6-ஐவிடப் பல மடங்கு மிஞ்சும்.