என் முகம் தெரியும் வீடியோவை நீக்கவைக்க முடியுமா?

*மேடைக் கூச்சம் போக வேண்டும் என்று ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். கடைசி நாளில் என் விவாகரத்தைப் பற்றிப் பேசும்போது உடைந்து அழுதுவிட்டேன். பயிற்சியாளர் அதைப் படம்பிடித்து, என் முழுப்பெயருடன் யூடியூபில் ஏற்றியிருக்கிறார். கேட்டால், “சேரும்போது கையெழுத்துப் போட்டீர்களே” என்கிறார். தோழிகள் எல்லோருமாகச் சேர்ந்து புகார் செய்யலாம் என்கிறார்கள். காப்புரிமைப் புகார் கொடு என்கிறார் என் அண்ணன். நான் என்ன செய்வது?*
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அண்ணன் சொன்ன வழியை விட்டுவிடுங்கள். வீடியோவின் காப்புரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே உரியது. அதில் தோன்றுகிறவருக்கு, தோன்றினார் என்பதனாலேயே அது வந்துவிடாது. காப்புரிமைப் புகாரில் நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அது பொய்யென்றால் சட்டச் சிக்கல் உங்கள் தலையில் விழும். தோழிகளையும் தடுத்துவிடுங்கள். தனியுரிமைப் புகாரைப் பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும் என்பது யூடியூபின் விதி. சிறுவர்களுக்காகப் பெற்றோரும், சிலருக்காகச் சட்டப் பிரதிநிதியும் கொடுக்கலாம். தோழிகளுக்கு அதில் இடமில்லை. ஆளாளுக்கு அந்த இணைப்பைத் திறந்து பார்த்தால் பார்வை எண்ணிக்கை கூடுவதுதான் மிச்சம்.

உங்களுக்கு உரியது யூடியூபின் ‘Privacy Complaint Process’ என்ற வழி. அதன் உதவிப் பக்கத்தில் இந்தப் பெயரைத் தேடினால் படிவம் கிடைக்கும். அதைத் திறப்பதற்கு முன்பு வீடியோவின் முகவரி, சேனலின் பெயர், நீங்கள் தோன்றும் காட்சிகளின் திரைப்பிடிப்பு, தேதி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். வீடியோவுக்குக் கீழே கோபமாகக் கருத்து எதுவும் எழுத வேண்டாம்.

பயிற்சியாளரிடம் இன்னொரு முறை, இம்முறை எழுத்தில், கேளுங்கள். முதலில் ஏற்றியவரிடம் கேட்டுப் பார்க்கும்படிதான் யூடியூபும் சொல்கிறது. முழு வீடியோவையும் அழிக்கச் சொன்னால் அவர் மறுக்கக்கூடும். யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள ‘Editor’ பகுதியில் உங்கள் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம், அப்படிச் செய்தாலும் வீடியோவின் முகவரியும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். தமக்கு இழப்பில்லை என்று தெரிந்தால் பலர் இறங்கி வருவார்கள். அந்தச் செய்தியிலேயே, ஏதாவது சம்மதம் கொடுத்திருந்தால் அதை இன்றோடு திரும்பப் பெறுகிறேன் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் பலவீனமான இடம் அதுதான். சம்மதம் இருந்ததா, பொதுநலன் உண்டா, செய்தி மதிப்பு உண்டா என்பவற்றை யூடியூப் எடைபோடும். ஆகவே படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பயிற்சிக்காகப் பதிவு செய்வோம் என்று மட்டும் இருந்தால், உலகத்துக்குக் காட்டுவதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை. விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம் என்று இருந்தால், சம்மதிக்கவே இல்லை என்று எழுதாதீர்கள். இன்ன தேதியில் திரும்பப் பெற்றேன் என்று எழுதுங்கள். பொய்ப் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கையே முடக்கலாம்.

இனிப் புகார். பலருடைய புகார் தள்ளுபடியாவது இங்கேதான். “என் மானம் போகிறது, தயவுசெய்து நீக்குங்கள்” என்று எழுதுகிறார்கள். அந்த வலி உண்மை. ஆனால் படிக்கிற ஊழியர் உங்களை இதற்குமுன் பார்த்ததில்லை. வீடியோவில் இருப்பவர்களில் நீங்கள் யார், மற்றவர்கள் உங்களை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. உங்களுக்கு உங்களைத் தெரிகிறது என்பது போதாது. கூட்டத்தில் ஒரு நொடி வந்துபோகும் முகமோ, வெறும் முதற்பெயரோ பெரும்பாலும் நிற்காது. முகம், குரல், முழுப்பெயர், தொடர்பு விவரம் போன்றவை தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இவற்றில் மூன்று இருக்கின்றன. இப்படி எழுதலாம், நேரத்தையும் உடையையும் வீடியோவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்:

“12:40 முதல் 16:05 வரை, மஞ்சள் சட்டை அணிந்து மைக்கின் முன்னால் தனியாக நின்று பேசும் பெண் நான். முகம் நேராகத் தெரிகிறது. குரல் தெளிவாகக் கேட்கிறது. 12:52-இல் என் முழுப்பெயர் திரையில் வருகிறது. கீழே உள்ள விவரக்குறிப்பிலும் இருக்கிறது. இது மாணவர்கள் மட்டும் இருந்த வகுப்பறையில் எடுக்கப்பட்டது. என் மணமுறிவு பற்றிய அந்தரங்கமான விஷயங்களைப் பேசுகிறேன். இதைப் பொதுவில் வெளியிட எனக்குச் சம்மதமில்லை என்று எழுத்தில் தெரிவித்தும் நீக்கப்படவில்லை.”

முகத்தோடு குரலையும், திரையில் வரும் பெயரையும், விவரக்குறிப்பில் இருக்கும் பெயரையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். முகத்தை மட்டும் சொன்னால், பயிற்சியாளர் முகத்தை மங்கலாக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார். அழுகிற குரலும் பெயரும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

புகார் போனபின், நீக்கவோ திருத்தவோ ஏற்றியவருக்கு 48 மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் அவர் நீக்கினால் புகார் அத்தோடு மூடப்படும். இல்லையென்றால் ஊழியர்கள் எடுத்துப் பரிசீலிப்பார்கள். 48 மணி நேரத்தில் வீடியோ தானாகப் போய்விடும் என்று எண்ணிவிடாதீர்கள். பரிசீலனை அதற்குப் பிறகுதான் தொடங்கும். உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் பெயரை அவரிடம் யூடியூப் சொல்லாது. ஆனாலும் அந்த மூன்றரை நிமிடத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தான், அவர் ஊகித்துவிடுவார். அவரிடமிருந்து மிரட்டல் வரும் என்ற பயம் இருந்தால் நேரடிச் செய்தியைத் தவிர்த்து, வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு புகார் கொடுங்கள்.

அவர் வீடியோவை ‘Private’ என்று மாற்றிவிட்டு, “எடுத்துவிட்டேன்” என்று சொல்லக்கூடும். யூடியூப் அதை நீக்கியதாகக் கருதுவதில்லை, எந்நேரமும் மறுபடி திறந்துவிடலாம் என்பதால். சில வாரங்கள் அந்த முகவரியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

யூடியூப் மறுத்தால், பதில் மின்னஞ்சலை நிதானமாகப் படியுங்கள். அடையாளம் தெளிவில்லை என்று சொல்லியிருந்தால் நேரக்குறிப்பையும் விவரத்தையும் கூட்டி மறுபடி அனுப்பலாம். சம்மதம் இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்தப் படிவத்தோடு வழக்கறிஞரைப் பாருங்கள். அதே புகாரைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை.

வீடியோ போய்விட்டாலும், வேறு யாராவது அதை எடுத்து ஏற்றியிருந்தால் அந்தப் பிரதி ஒவ்வொன்றின் முகவரிக்கும் தனிப் புகார் வேண்டும். உங்கள் பெயரையும் வீடியோவின் தலைப்பையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். நீக்கியபின்பும் கூகுள் தேடலில் பழைய தலைப்பும் சிறுபடமும் தென்பட்டால், கூகுளின் ‘Refresh Outdated Content’ பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுத்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.