பற்றுச்சீட்டு மெசேஜ் வந்தால்: வாசகர் கேள்விகள்

குடும்பக் குரூப்பில் "500 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டு, இன்றே கடைசி" என்று ஒரு லிங்க் வந்தது. அதில் gov.sg இருக்கிறது. அனுப்பலாமா? (தெம்பனீஸ் வாசகி)

வேண்டாம்மா. gov.sg எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். நீங்கள் அனுப்பிய லிங்க் ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
https://cdc.gov.sg.claim-500.top/sg
```

`https://` தாண்டியதும் வரும் முதல் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். முதலில் வருவது `claim-500.top`. அதுதான் தளத்தின் உண்மையான பெயர். அதற்கு முன்னால் இருக்கும் `cdc.gov.sg` வெறும் ஒட்டு; யாரும் எழுதிக்கொள்ளலாம். அரசுத் தளமென்றால் அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் `.gov.sg` என்று முடியும். `gov`-க்கு முன்னால் இருக்கும் புள்ளியையும் பாருங்கள். `cdcvoucher-gov.sg` என்று புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருந்தால் அது வேறு தளம்.

`go.gov.sg/cdcv` போன்ற குறுக்கு லிங்க் சரி. அந்த முகவரியில் லிங்க் உருவாக்க அரசு ஊழியர்களால்தான் முடியும். ஆனாலும் மெசேஜில் இருப்பதைத் தொடாமல் நீங்களே தட்டச்சு செய்து போவது நல்லது.

அப்புறம் தேதி. போலி இல்லாத, பழைய மெசேஜும் நிறையச் சுற்றுகிறது. 2025 மே மாதம் கொடுத்த 500 வெள்ளிக்குக் கெடு 2025 டிசம்பர் 31.

அம்மாவுக்கு gov.sg என்ற பெயரிலேயே குறுஞ்செய்தி வந்தது. அது உண்மைதானே? அப்படியே குரூப்பில் போடலாமா? (ஈசூன் வாசகர்)

உண்மையாக இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசு அமைப்புகளின் குறுஞ்செய்திகள் gov.sg என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் அனுப்பியவர் பெயர் மறைந்துவிடும். பார்ப்பவரால் சரிபார்க்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. சிங்பாஸில் நுழைந்து பற்றுச்சீட்டைப் பெற்றபின் வரும் லிங்க் உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது. அது கிடைத்த எவரும் கடையில் காட்டிச் செலவழித்துவிடலாம். வீட்டில் இருப்பவர்களோடு மட்டும் பகிருங்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கும் உண்டு என்று விடுதியில் பரவுகிறது.

இல்லை, தம்பி. சிடிசி பற்றுச்சீட்டு சிங்கப்பூர்க் குடிமக்கள் உள்ள குடும்பங்களுக்கானது. "பதிவுக் கட்டணம்" கேட்டால் கண்டிப்பாக மோசடி.

லிங்க்கைத் தொட்டு கார்டு எண்ணும் கொடுத்துவிட்டேன்.

இப்போதே வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். அடுத்து, போலீஸில் புகார் கொடுங்கள். மெசேஜ் போலியா என்று சந்தேகம் மட்டும் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேட்கலாம். குரூப்பில் போட்டிருந்தால் அதை அழித்து, "அது போலி, தொடாதீர்கள்" என்று எழுதிவிடுங்கள்.