நுங்கும் அது மெதக்கற தண்ணியும்

"அப்பாவுக்கு சுகர் இருக்கு, வெயில் தாங்க முடியல, நுங்கு கேக்குறாரு. குடுக்கலாமா? அப்புறம் ரோட்டோரம் விக்கிறத நம்பி வாங்கலாமா?"

தாராளமா குடுங்க, ஆனா நுங்கா மட்டும் குடுங்க, நுங்கு சர்பத்தா இல்ல. எங்கம்மாவுக்கும் ரொம்ப வருஷமா சுகர், மாத்திரைலதான் ஓடுது, அவங்களுக்கும் பங்குனி பொறந்தா நுங்கு இல்லாம இருக்க முடியாது, அதனால போன வருஷம் ஒரு நாள் நானே கிச்சன் தராசுல வெச்சு பாத்தேன். ஒரு காயில இருந்த மூணு கண்ணும் தோலோட சேத்து 110 கிராம் வந்துச்சு. இளநுங்குல 100 கிராமுக்கு 90 கிராம் பக்கம் வெறும் தண்ணிதான், மாவுச்சத்து சர்க்கரை எல்லாம் சேத்தே ஏழுல இருந்து பத்து கிராம், காய்க்கு காய் மாறும். அப்படின்னா அந்த மூணு கண்ணும் சேந்து கிட்டத்தட்ட ஒரு இட்லி கணக்கு. சாயங்காலம் 4 மணிக்கு வேற எதுவும் இல்லாம அத மட்டும் குடுத்து மீட்டர்ல பாத்தோம், முன்னாடி 142, ரெண்டு மணி நேரம் கழிச்சு 155. இது எங்கம்மா உடம்பு, உங்கப்பாவுக்கும் ஒரு தடவ இப்படி பாத்துட்டா அப்புறம் சண்டையே இருக்காது.

எங்க வம்பு வருதுன்னா பட்டைல நுங்க போட்டு அது மேல பதநீ ஊத்தி குடுப்பாங்க பாருங்க, அங்கதான். பதநீர்லதான காய்ச்சி கருப்பட்டி எடுக்கறாங்க, அப்ப சர்க்கரை இல்லாம எப்படி இருக்கும், 100 மில்லிக்கு பத்து பன்னெண்டு கிராம் இருக்கும். ஒரு டம்ளர் 200 மில்லின்னு வெச்சாலே 20 கிராமுக்கு மேல போயிடுது, நுங்கு பாவம் அதுல கிட்டத்தட்ட பாதிதான். "இயற்கைதான, ஒண்ணும் பண்ணாது"ன்னு மாமா ஒருத்தர் ரெண்டு பட்டை குடிச்சுட்டு வந்து தலை சுத்துதுன்னு படுத்தது தனிக்கதை. நன்னாரி சர்பத், ரோஸ்மில்க்ல நுங்கு போட்டு விக்கிறதும் இதே கேஸ்தான்.

குளிர்ச்சியா இருக்கறதுக்கும் பெரிய ரகசியம் இல்லீங்க, வேர்வைல போன தண்ணி திரும்ப உள்ள போகுது, அவ்ளோதான்.

சுத்தம் பத்தி. காய வெட்டற வரைக்கும் கண்ணு பனங்காய்க்குள்ள பத்திரமா இருக்கு, வெளி அழுக்கு எதுவும் அதத் தொடாது. பிரச்சனை அரிவாள் பட்டதுக்கு அப்புறம்தான். திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டி போற வழில ஒரு தடவ கார நிறுத்தி, ஏற்கனவே தோண்டி பிளாஸ்டிக் கவர்ல தண்ணி ஊத்தி கட்டி தொங்கவிட்டிருந்த பன்னெண்டு கண்ண வாங்கிட்டோம், அவசரம், பசங்க பின்னாடி கத்துதுங்க. ஊர் போய் சேர்றதுக்குள்ள சாப்ட்டாச்சு. ராத்திரி ரெண்டு பசங்களுக்கும் வாந்தி, பேதி. வேற என்ன சாப்ட்டோம்னு யோசிச்சா வீட்ல கட்டிட்டு போன தயிர்சாதம்தான், அத நாங்களும் சாப்ட்டோம், நுங்கு மட்டும் பசங்களே காலி பண்ணுச்சுங்க. அந்த தண்ணி எந்த குடத்துல இருந்து வந்துச்சோ, அதுல ஐஸ் வேற மெதந்துச்சு, ஐஸ் தெளிவா இருந்தா தண்ணியும் நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்ல.

அதுல இருந்து நான் பண்றது, காய கண் முன்னாடி சீவ சொல்வேன். அரிவாள் முனைய பாப்பேன், அவங்க துடைக்கற துணியையும் பாப்பேன் (துணிதான் பல நேரம் மோசம்). தோண்டும்போது கண்ணு கிழிஞ்சு உள்ள இருக்கற தண்ணி ஒழுகிடுச்சுன்னா அத அங்கயே சாப்பிட மாட்டேன், வீட்டுக்கும் கொண்டு வரமாட்டேன், ஏன்னா வெளி அழுக்கு உள்ள போற வழி அதுதான். முழுசா உருண்டையா குலுங்கற கண்ணா வாங்கி, அவங்க பானைல முக்காம, வெறும் ஓலைல கட்டி வாங்கிட்டு வந்து, வீட்ல குடிக்கற தண்ணில கழுவி அப்புறம் தோல உரிப்பேன். துவர்ப்பு தோல் நல்லதுன்னு சொல்வாங்க, வீட்ல வெட்டினதுன்னா தோலோட சாப்பிடுங்க, ரோட்ல வாங்கினதுன்னா உரிச்சுடுங்க, பத்து கை பட்டது அந்த தோல்மேலதான்.

வாங்குன அன்னைக்கே தீத்துடணும். கண்ணு வழவழன்னு பிசுக்கினாலோ, லேசா புளிச்ச வாடை வந்தாலோ, ஊறுற தண்ணில நுரை கட்டினாலோ யோசிக்காம கொட்டிடுங்க. ஆனா வாந்தி வந்த அன்னைக்கு இந்த மூணுல ஒண்ணுகூட இல்ல, பாக்க பளபளன்னு தான் இருந்துச்சு.

அப்புறம் கல்லு மாதிரி முத்தின நுங்க வயசானவங்களுக்கு குடுக்காதீங்க, செரிக்காம வயித்த பிசையும். விரல்ல அழுத்துனா உள்வாங்கணும், அப்படி இருந்தா மூணு கண்ணு எடுத்து அப்பாகிட்ட குடுங்க.