லத்தீனில் சொற்களை எங்கே போட்டாலும் பொருள் மாறாதா?

கேள்வி: லத்தீனில் வார்த்தைகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அர்த்தம் மாறாது, பிரிபோசிஷனும் தேவையில்லை என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். தமிழ் பேசுகிறவருக்கு அந்தப் பாதி சுலபமாகப் பிடிபடும். 'டொமினும் செர்வுஸ் கிளடியோ நெகாவிட்' என்றால் 'எஜமானை அடிமை வாளால் கொன்றான்'. எஜமான் எழுவாயாக வந்தால் டொமினுஸ். இங்கே -உஸ் போய் -உம் வந்திருப்பதால் கொல்லப்பட்டவர் அவர். கிளடியோவில் உள்ள -ஓ நம் 'ஆல்' செய்யும் வேலையைச் செய்கிறது, தனிச்சொல் வேண்டாம். நான்கு சொற்களையும் எப்படி மாற்றி அடுக்கினாலும் கொன்றவன் அடிமைதான். யார் மேல் அழுத்தம் விழுகிறது என்பதுதான் மாறும்.

சரி, மீதிப் பாதி? நமக்கு 'ஐ' என்றால் எல்லாப் பெயருக்கும் 'ஐ'தான். லத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்குக் குழு விகுதி மாறும். 'அடிமைகளை' என்பதை 'கள்' தனியே, 'ஐ' தனியே என்று பிரித்துவிடலாம்; 'செர்வோஸ்' என்பதில் பன்மையும் வேற்றுமையும் -ஓஸ் என்ற ஒரே விகுதிக்குள் ஒட்டிக்கிடக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்யாமல் தப்பிக்க முடியாது.

அதைவிடத் தொல்லை, ஒரே விகுதி இரண்டு வேலை பார்ப்பது. மூன்றாம் குழுவில் ஹோஸ்டேஸ் என்றால் 'பகைவர்கள்', 'பகைவர்களை' இரண்டும்தான். கீவேஸ் (குடிமக்கள்) என்பதும் அப்படியே. 'ஹோஸ்டேஸ் கீவேஸ் விடெண்ட்' என்றால் யார் யாரைப் பார்க்கிறார்கள்? விகுதி கைவிட்டுவிட்டது. முன்னால் நிற்பதை எழுவாயாகக் கொள்ளத் தோன்றும், ஆனால் சூழலைப் பார்க்காமல் அறுதியிட முடியாது. அதையே 'ஹோஸ்டேஸ் கீவிஸ் விடெட்' என்று மாற்றிப் பாருங்கள். வினை ஒருமை, ஆகவே பார்ப்பவர் ஒரு குடிமகன், பின்னால் நின்றாலும் எழுவாய் அவர்தான். இதனால்தான் லத்தீன் வாக்கியத்தில் நான் முதலில் வினையைத் தேடுவேன்.

பிரிபோசிஷன் ஒன்றும் ஒழிந்துவிடவில்லை. நகரப் பெயர்களுக்கு விகுதியே போதும்: 'ரோமம் வேனிட்' என்றால் ரோமுக்கு வந்தான் (நம் காதுக்குச் சிரிப்பு வரும்), 'ரோமா வேனிட்' என்றால் ரோமிலிருந்து வந்தான். ஆனால் இத்தாலி நாட்டுப் பெயர் ஆயிற்றே, 'இன் இத்தாலியம்' என்று முன்னால் ஒரு சொல் வேண்டும். அந்த 'இன்' தனியாக முழுப் பொருளையும் தராது. 'இன் உர்பெம்' என்றால் நகருக்குள் போவது, 'இன் உர்பெ' என்றால் நகருக்குள் இருப்பது. வித்தியாசத்தைச் சொல்வது விகுதிதான்.

அப்புறம் ஒன்று: எழுவாயான 'ரோம'வும் 'ரோமிலிருந்து' என்னும் 'ரோமா'வும் கடைசி உயிரின் குறில் நெடிலில்தான் வேறுபடுகின்றன. பாடப்புத்தகங்களில் நெடில் மேல் கோடு போட்டிருப்பார்கள். மற்ற பதிப்புகளில் பெரும்பாலும் இருக்காது. அங்கே வினையைப் பார்த்து, நகரம் நடந்து வராது என்று யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.