எந்த மாமாவுக்கு உடம்பு சரியில்லை?

கேள்வி: “மாமா வர்றார்”, “அத்தை கூப்பிட்டாங்க” என்று மட்டும் வீட்டிலிருந்து செய்தி வருகிறது. எந்த மாமா, எந்த அத்தை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருச்சிக்கு ஒருமுறை வீணாகப் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அம்மா அனுப்பியது இவ்வளவுதான்: “மாமாவுக்கு உடம்பு சரியில்ல. அத்தை தனியா இருக்காங்க. போய்ப் பாத்துட்டு வா.” திருச்சியில் இருப்பது அப்பாவின் அக்கா வீடு. பழம் வாங்கிக்கொண்டு போனால் மாமா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். “என்னப்பா, சொல்லாமக் கொள்ளாம?” என்றார். படுத்திருந்தது அம்மாவின் அண்ணன், மதுரையில்.

அந்தச் செய்தியில் துப்பே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அம்மாவின் அண்ணன் மாமா, அவர் மனைவி அத்தை. அப்பாவின் அக்கா அத்தை, அவர் கணவர் மாமா. இரண்டு வீட்டிலும் அதே ஜோடி.

சரி, “உங்களுக்கு அவர் என்ன முறை?” என்று அம்மாவிடம் கேட்டிருந்தால்? கூடப் பிறந்தவரும் அண்ணன்தான், நாத்தனார் கணவரும் அண்ணன் முறைதான். இருவர் மனைவியும் அண்ணி. அப்பாவிடம் போனால் அவருக்கு இருவருமே மச்சான். நம் முறைப்பெயர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்தை ஒட்டி அமைந்தவை. அம்மாவின் அண்ணன் அப்பாவின் அக்காவையே கட்டியிருந்தால் இரண்டு மாமாவும் ஒரே ஆள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை, சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. (ஐயர், ஐயங்கார் வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு: அத்தை கணவர் அத்திம்பேர், மாமா மனைவி மாமி.) சித்தப்பாவிலும் இதே கதைதான். அப்பாவின் தம்பியும் அவரே, சித்தியின் கணவரும் அவரே.

ஆகவே முறையைக் கேட்டுப் பயனில்லை. நான் இப்போது கேட்பது, “அம்மாச்சி பக்கமா, அப்பத்தா பக்கமா?” என்று. அது உடனே பிரித்துவிடும். அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சொல் யாருடைய முறையில் வந்திருக்கிறது? எனக்குத் தனியாக அனுப்பும்போது அம்மா என் முறையில் எழுதுவார். குடும்பக் குழுவில் அதே அம்மா “மாமா” என்றால் அவருடைய மாமனாராக, அதாவது என் தாத்தாவாக இருக்கலாம். “உங்க மாமா” என்றால் என் மாமா, “எங்க மாமா” என்றால் அவருடையவர்.

ஊர்ப்பெயர் சேர்ப்பது எளிய வழி. ஆனால் எங்கள் மதுரை மாமா இப்போது மகனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். பெயர் மட்டும் மாறவில்லை. போன மாதம் தங்கச்சி வீட்டுக்காரர் அவரைப் பார்க்க மதுரைக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.