ஒரு நுண்ணோக்கி, நாற்பது மாணவர்: வெங்காயத் தோல் பாடத்தைத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: எட்டாம் வகுப்பில் 40 பேர். பள்ளியில் நுண்ணோக்கி ஒன்றுதான். போன முறை வரிசையில் நிற்க வைத்தே பாடவேளை முடிந்துவிட்டது. பாதிப் பேர் எதையும் பார்க்கவில்லை. செல் அமைப்புக்கு 40 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைக்கும். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: குனிந்து, கண்ணைப் பொருத்தி, எதைப் பார்க்கிறோம் என்று பிடிபட ஒருவருக்கு ஒரு நிமிடமாவது ஆகும். நாற்பது பேருக்கு அதுவே முழுப் பாடவேளை, அதுவும் நடுவில் யாரும் திருகைத் தொடாமல் இருந்தால். ஆகவே நுண்ணோக்கியின் வேலையைக் குறையுங்கள். வரைவதற்கும் அளப்பதற்கும் பாகங்களைக் குறிப்பதற்கும் புகைப்படமே போதும். நுண்ணோக்கியின் முன் நடக்க வேண்டியவை இரண்டுதான்: மாணவர் தம் குழு செய்த ஸ்லைடை ஒருமுறை தம் கண்ணால் பார்ப்பது, அதே ஸ்லைடை நீங்கள் கைபேசியில் படமெடுப்பது.

முதல் பாடவேளையில் நான்கு பேர் வீதம் பத்துக் குழுக்கள். வகுப்புக்கு ஒரு வெங்காயம் போதும்; செதில்களை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக முன்பே வெட்டி வையுங்கள். துண்டைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, பின்புறமாக மடக்கி உடைத்தால் உட்புறத்துப் படலம் மட்டும் முறியாமல் தொங்கும். அதை இடுக்கியால் இழுத்து, ஐந்து மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கி, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் விரிக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு நீர்த்த அயோடின் விட்டு இரண்டு நிமிடம் கழித்து, கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் நீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கி மெல்லச் சாய்த்து மூட வேண்டும். பொத்தென்று போட்டால் காற்று சிக்கிக்கொள்ளும். தடித்த கருப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழிகளைத்தான் முதன்முறை பார்ப்பவர்கள் செல் என்று வரைவார்கள். படலம் மடிந்திருந்தால் இரண்டு வலைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அந்தக் குழு இன்னொரு துண்டு எடுப்பதே விரைவான வழி.

விளக்கிக் காட்டவும் செய்யவும் பதினைந்து நிமிடம். மீதி இருபத்தைந்து நிமிடத்தில் குழுவுக்கு இரண்டரை நிமிடம். ஸ்லைடை மாற்ற அரை நிமிடம், படமெடுக்க அரை நிமிடம், ஆளுக்கு இருபது விநாடி. 10 மடங்கு பொருளருகு லென்ஸை விட்டு மாறாமல் இருந்தால்தான் இது முடியும். ஸ்லைடுகளின் தடிமன் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஸ்லைடை மாற்றினாலும் நுண் திருகைச் சற்றே அசைத்தால் போதும். பெரிய திருகை முதலிலேயே ஒட்டுநாடாவால் சுற்றிவிடுங்கள். டயஃபிரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: முழுக்கத் திறந்திருந்தால் வெளிச்சத்தில் செல் சுவர்கள் கரைந்துபோகும், பாதிக்கு மேல் மூடினால் கோடுகள் எழும். கடைசிக் குழுக்களின் ஸ்லைடு காத்திருக்கும்போதே காய்ந்து, ஓரத்திலிருந்து காற்று உள்ளே வரும். கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு சொட்டு நீர் வைக்கச் சொல்லுங்கள்.

அந்த இருபது விநாடிக்கு ஒரு கேள்வி கொடுத்து அனுப்ப வேண்டும். "செல்லைப் பார்" என்று அனுப்பினால் பார்த்துவிட்டேன் என்று திரும்புவார்கள். "பழுப்பாகத் தெரியும் உட்கரு செல்லின் நடுவில் இருக்கிறதா, சுவரை ஒட்டியா? மூன்று செல்களில் பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். பெரும்பாலானவற்றில் சுவரோரமாக இருக்கும். சில நடுவில் தெரியும். அவையும் உண்மையில் மேல் சுவரையோ கீழ்ச் சுவரையோ ஒட்டியவையே, நாம் மேலிருந்து பார்க்கிறோம். பெரிய நுண்குமிழ் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது என்பதை, அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இதிலிருந்தே ஊகிக்கலாம்.

காத்திருக்கும் குழுக்கள் வெங்காயத் தோல் செல் எப்படி இருக்கும் என்று ஊகித்து, புத்தகத்தைத் திறக்காமல் ஒரு படம் வரையட்டும். பார்த்து வந்தபின் பக்கத்தில் இன்னொன்று. முதல் படங்கள் பலவற்றில் பசுங்கணிகம் இருக்கும், பாடநூல் தாவரச் செல் படத்தின் நினைவில். மண்ணுக்கடியில், ஒளி படாமல் வளரும் செதிலில் அது ஏன் இல்லை என்பதை அங்கேயே பேசலாம்.

கைபேசியைப் பிடிப்பதில்தான் பலருக்கும் நேரம் போகும். விளக்கை எரியவிட்டு, கண்ணருகு லென்ஸுக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒளிவட்டம் ஓரிடத்தில் மிகச் சிறிதாகிக் கூர்மையாகும். கேமரா லென்ஸ் நிற்க வேண்டிய உயரம் அதுதான். பொதுவாகச் சுமார் ஒரு சென்டிமீட்டர். அதற்கு மேலோ கீழோ போனால் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் தெரியும், அல்லது படம் பிறைபிறையாக இருளும். கண்ணருகு லென்ஸைச் சுற்றி அட்டையைக் குழாயாகச் சுருட்டி, அந்த உயரத்துக்கு வெட்டிவிட்டால் கைபேசியை அதன்மேல் சாய்த்து வைக்கலாம். பல லென்ஸ் உள்ள கைபேசி தானாக லென்ஸ் மாற்றும், ஆகவே முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். ஜூமை ஒருமுறை வைத்தபின் தொடாதீர்கள், இரண்டாம் பாடவேளையின் கணக்கு அதை நம்பியிருக்கிறது.

அதே ஜூமில், அதே லென்ஸில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெருக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி பார்வைப்புலத்துக்குள் அடங்கும். கோடுகளே தடியாகத் தெரியும், எனவே ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்பு வரை அளக்க வேண்டும்.

இரண்டாம் பாடவேளையில் குழுவின் படத்தையும் அளவுகோல் படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டுக் கொடுங்கள், அல்லது திரையில் ஒரே அளவில் காட்டுங்கள். அளவுகோல் படத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தாளில் 90 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதே தாளில் வரிசையாக நிற்கும் நான்கு செல்களின் மொத்த நீளம் 108 மில்லிமீட்டர். ஒரு செல் 27; அதை 90-ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். ஒற்றைச் செல்லை அளப்பதைவிட நான்கை அளந்து வகுப்பது நல்லது; செல்கள் சமநீளமாக இருக்காது, அளவிடும் பிழையும் குறையும். விடை 3 மில்லிமீட்டர் அல்லது 0.03 என்று வந்தால் பெரும்பாலும் தசமப்புள்ளி நகர்ந்திருக்கும், அல்லது இரண்டு படங்களின் ஜூம் வேறாக இருக்கும். 3 மில்லிமீட்டர் நீளமுள்ள செல்லை வெறும் கண்ணாலேயே பார்த்திருப்போமே என்று கேட்டால் மாணவரே பிழையைப் பிடித்துவிடுவார்கள்.

பிறகு தம் குழுப் படத்திலிருந்து மூன்று செல்களை மட்டும் வரைந்து, கண்ணால் கண்ட பாகங்களுக்கு மட்டும் பெயரிடச் சொல்லுங்கள்: செல் சுவர், உட்கரு, ஓரத்தில் மெல்லிய சைட்டோபிளாசம். செல் சவ்வு சுவரோடு ஒட்டியிருப்பதால் தனியாகத் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா இந்த ஸ்லைடில் தெரியாது. இரண்டையும் கரும்பலகையில் "இருக்கிறது, ஆனால் இங்கே காணவில்லை" என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

நேரம் மிஞ்சினால் அயோடின் போடாத ஊதா வெங்காயத்தின் வெளிப்பக்கத் தோலை வைத்து, கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் உப்பு நீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் நிறமுள்ள பகுதி சுவரை விட்டு விலகிச் சுருங்கும். அந்த நிறம் நுண்குமிழில் இருப்பது, அது சுருங்கும் விளிம்பு சவ்வு நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. இதை மட்டும் வரிசையில் காட்டாதீர்கள். கைபேசியில் காணொளியாக எடுத்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டுங்கள்.